ஒட்டுவதா, வனைவதா: பெஞ்சமினின் உடைந்த பாண்டம், இரண்டு தமிழில்

ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின், பிரெஞ்சுக் கவிஞர் போதலேரைத் தான் மொழிபெயர்த்த நூலுக்கு முன்னுரையாக 1923இல் வெளியிட்ட ‘மொழிபெயர்ப்பாளரின் பணி’ கட்டுரையில் வரும் பாண்ட உவமைதான் நாங்கள் எடுத்துக்கொண்ட பகுதி. வகுப்பில் இரண்டு பேர் தமிழாக்கினார்கள். ஒருவர் மன்னார்குடித் தோழி. மற்றவர் பணி ஓய்வுக்குப் பின் எங்களோடு படிக்க வந்திருக்கும் திருவையாற்றுத் தமிழாசிரியர் ஐயா.

தோழியுடையது: “ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாத்திரத் துண்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டியதில்லை; ஆனால் மிக நுண்ணிய விவரங்களிலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதுபோல மொழிபெயர்ப்பும், மூலத்தின் பொருளை ஒத்திருப்பதற்குப் பதில், மூலம் குறிக்கும் முறையை அன்போடும் நுணுக்கத்தோடும் தன்னுள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டும் ஒரு பெருமொழியின் துண்டுகளாகத் தெரியும்.”

ஐயாவுடையது: “குடம் உடைந்த ஓடுகள் ஒன்றுகூட வேண்டுமானால், இம்மியும் பிசகாமல் ஒன்றின் விளிம்பை ஒன்று பின்தொடர வேண்டும், சாயல் ஒன்றாக இருக்க வேண்டாம். மொழிபெயர்ப்பும் அப்படியே. மூலத்தின் பொருளுக்குத் தன்னை ஒப்பாக்காமல், அது பொருள் சொல்லும் பாங்குக்கு ஏற்ப, தன் மொழிக்குள்ளேயே, பிரியமாக, இழை இழையாகத் தன்னை வனைந்துகொள்ள வேண்டும். அப்போது இரண்டும் இன்னும் பெரிய மொழியொன்றின் உடைந்த பகுதிகளாய் அடையாளம் தெரியும்.”

இருவர் கையிலும் இருந்த ஆங்கிலம் வேறு வேறு. தோழியிடம் 1968இல் நூலில் வந்த ஹாரி ஸோனின் மொழிபெயர்ப்பு; ஐயாவிடம் கேரல் ஜேக்கப்ஸ் 1975இல் தன் கட்டுரைக்காகச் செய்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் வாசிப்பில் தோழிமேல் வைத்த குறைகளில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ‘ஒட்டி’ என்பது ஸோன் கொடுத்த பசை. ‘தன் மொழிக்குள்’ என்ற சொற்கள் தோழியிடம் இல்லை, ஸோனிடமே இல்லை. ஜெர்மன் மூலத்தில் இருக்கின்றன.

தோழியே செய்த தேர்வு ஒன்று உண்டு. ஸோனில் ‘பொருந்த வேண்டும்’ முன்னால் வந்து, ‘ஒத்திருக்க வேண்டியதில்லை’ பின்னால் வரும். அவர் திருப்பிப் போட்டார். தமிழில் வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் காதில் நிற்கும். அழுத்தம் பொருத்தத்தின் மேல் விழுந்தது. படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் பெஞ்சமின் முடிப்பது ‘ஒத்திருக்க வேண்டாம்’ என்ற இடத்தில். ஐயா அங்கேயே நிறுத்திவிட்டார்.

பெரிய வேறுபாடு ‘சேர்த்துக்கொள்ள’, ‘வனைந்துகொள்ள’ என்ற இரண்டு வினைகளில். முதலாவதில் மூலம் வந்து மொழிபெயர்ப்புக்குள் அடங்குகிறது. இரண்டாவதில் மொழிபெயர்ப்பு தன் உருவையே மாற்றுகிறது. ஜெர்மன் வினை இரண்டாவது பக்கம். அதோடு, வனைதல் குயவர் சக்கரத்துச் சொல். உவமை பாண்டத்தில் தொடங்கியது. வினையும் மண்ணிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி இது. ஐயாவிடம் சொன்னேன். “தானா வந்து விழுந்துதுப்பா, யோசிச்சுப் போடலை” என்றார்.

அவருக்கும் சறுக்கல்கள் உண்டு. ‘விளிம்பு’ மூலத்தில் கிடையாது, விளங்குவதற்காகச் சேர்த்தது. ‘குடம் உடைந்த’ என்றதும் எங்கள் பக்கத்தில் கொள்ளிக்குடம் நினைவுக்கு வந்துவிடும். சுடுகாட்டு வாடை இந்த இடத்துக்கு ஆகாது. ஆனால் ‘பாத்திரம்’ அதைவிட மோசம். கும்பகோணத்தில் பாத்திரம் என்றால் பித்தளை, எவர்சில்வர். விழுந்தால் நசுங்கும், சில்லு சில்லாகாது. ‘மண்பாண்டம்’ என்று போட்டிருந்தால் இரண்டு வம்பும் இல்லை.

‘பெருமொழி’ கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பேரரசு, பெருங்கடல் மாதிரி ஏற்கெனவே இருக்கும் முழுமை ஒன்றைக் காட்டுகிறது. மூலத்தில் இருப்பது ஒப்பீட்டு உருபு. அதை ‘இன்னும்’ தாங்குகிறது. ‘உடைந்த பகுதிகளாய்’ என்பதும் இதோடு சேர்ந்தது. 1983இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இலக்கியக் கோட்பாட்டாளர் பால் டி மான் ஸோனை விட்டு ஜேக்கப்ஸின் வரிகளைப் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்: துண்டுகள் துண்டுகளாகவே இருக்கின்றன, முழுப் பாண்டம் கைக்கு வருவதில்லை. தோழியின் தமிழை மட்டும் படிப்பவர் பாண்டம் ஒட்டி முடிந்தது என்றே நினைப்பார்.

ஒரே ஒரு சொல்லில் தோழி பக்கம் நிற்கிறேன். ஐயாவின் ‘ஓடு’ முதலில் எனக்குக் கூரை ஓடாகத்தான் தெரிந்தது. தோழியின் ‘துண்டு’ அந்தக் குழப்பம் தராது. சரியான சொல் ‘ஓட்டாஞ்சில்லு’. பாண்டி ஆடிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஐயா அதை எழுதி அடித்திருக்கிறார், கைப்பிரதியில் பார்த்தேன். விளையாட்டுச் சொல், கட்டுரைக்கு ஒவ்வாது என்று நினைத்தாராம். நான் அடித்திருக்க மாட்டேன்.