ஒரு புள்ளிக்குப் படித்திறனா?

வெள்ளவத்தைத் தேநீர்க்கடை. எண்ணெய் பட்ட பில்லின் பின்பக்கத்தில் y = x² வளையி.

சுதன்: படித்திறன் என்றால் கோட்டின் சரிவு; அதற்கு இரண்டு புள்ளி வேண்டும் மச்சான். ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 0/0 தான்.

கபிலன்: சரி, இரண்டு எடு. x = 1, அப்புறம் 1 + h. இரண்டையும் இணைக்கும் நாணின் படித்திறன் 2 + h. h = 0.1 என்றால் 2.1, 0.01 என்றால் 2.01.

சுதன்: கடைசியில் h-ஐப் பூச்சியமாக்குவாய். அது களவு!

கபிலன்: ஆக்கவே மாட்டேன். இரு பக்கமிருந்தும் 2-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம். அந்த எல்லைக்குத்தான் படித்திறன் என்று பெயர்.

சுதன்: அப்படியென்றால் அது புள்ளியின் சொத்தில்லை, அக்கம்பக்கத்தின் சொத்து.

கபிலன்: அதை ஒத்துக்கொள்கிறேன். y = |x| பார்: 0-இல் இடமிருந்து −1, வலமிருந்து 1. அங்கே படித்திறனே இல்லை.

சுதன்: பார்த்தாயா! வடையை இந்தப் பக்கம் தள்ளு.