வாடையா, கோடையா

அரக்கோணம் தாண்டியதும் எதிர் சீட்டுப் பையன் செய்தித்தாளை மடித்து வைத்தான். அவன் படித்தது விளையாட்டுப் பக்கம் மட்டும்தான்.

"தம்பி, குறுக்கெழுத்து இருக்கிற தாளைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றார் சரஸ்வதி. சேலம் அம்மாப்பேட்டைக்காரர், வீட்டில் தறி உண்டு. பையன் பெயர் பிரபு. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை.

பென்சில் இல்லை. அவனுடைய பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தார். கட்டத்துக்கு ஓர் எழுத்து. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம். 'கைத்தறி' நான்கு கட்டம். அதை யோசிக்கவே இல்லை.

"மேற்கிலிருந்து வரும் காற்று, ரெண்டு எழுத்து."

"வாடைக் காத்துதாங்க" என்றான் பிரபு. அவர் அப்படியே எழுதினார்.

காட்பாடியில் டீ வந்தது. 'மலை மேல் படகு விடும் இடம், இரண்டு எழுத்து' என்ற குறிப்பைப் பார்த்து அவன் சிரித்தான். ஏரி. அவன் தினமும் பார்ப்பது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 'மக்கள் மனுவில் எழுதுவது', மேலிருந்து கீழ், நான்கு எழுத்து. முதல் கட்டத்தில் வாடையின் 'வா'. இரண்டாவதில் ஏரியின் 'ரி'. கடைசியில் கைத்தறியின் 'கை'. வா, ரி, ஒரு காலி, கை. ஜோலார்பேட்டை வரை இரண்டு பேரும் முட்டினார்கள். இந்த மாதிரி நேரத்தில் காலிக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. தப்பு பெரும்பாலும் நிரப்பிய கட்டத்தில்தான் இருக்கும்.

பிரபு 'வா'வைக் கட்டை விரலால் மூடினான். "ரி... கை. அம்மா, கோரிக்கை!"

"அப்போ வாடை தப்பா?"

"கோடை. கோடைன்னா வெயில்னுதான் நெனச்சேன்."

"காத்துக்கும் அந்தப் பேருதான் தம்பி. வடக்கே இருந்து வந்தா வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. எங்க அப்பா சொல்லுவாரு. நீங்க சொன்னதும் யோசிக்காம எழுதிட்டேன் பாருங்க."

பேனா மை அழியவில்லை. 'வா' மேலேயே 'கோ'வை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

பொம்மிடி தாண்டியதும் இடது பக்கம் சேர்வராயன் மலை எழுந்தது. பிரபு தன் தோட்டம் இருக்கும் பக்கத்தைக் காட்டினான். சரஸ்வதி டிபன் டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த இரண்டு இட்லியை அவன் கையில் வைத்தார். சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது கிழிந்த தாளின் ஓரத்தில் அவன் தன் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் காலை ஏழரைக்கு சரஸ்வதி கூப்பிட்டார்.

"தம்பி, இன்னைக்குத் தாள் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தாங்க இருக்கேன். ஒண்ணுல நிக்குது. தறியில குறுக்கே ஓடுற நூல், ரெண்டு எழுத்து."

"ஊடை. நீளவாக்குல போறது பாவு, குறுக்கே போறது ஊடை. பென்சில்லதானே எழுதுறீங்க?"

"பென்சில்தாம்மா."