நித்யா - சரவணன் நிச்சயதார்த்தம்: தோழிகளிடமிருந்து இரு வீட்டாருக்கும்

அன்புள்ள நித்யா, சரவணன், மயிலாப்பூர் வீட்டுக்கும் பெரம்பூர் வீட்டுக்கும் எங்கள் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 9 முதல் 10.30க்குள் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள். மனசு நிறைந்த வாழ்த்துகள் நித்யா. சரவணன், உங்களுக்கும்!

லக்னப் பத்திரிகை எழுதும் முன் சரவணனின் அப்பா இரண்டு வீட்டுத் தாத்தா, பாட்டி பெயர்களையும் தலைப்பெழுத்து உட்பட ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சபையில் வாசிக்கும்போது ஓர் எழுத்து தவறினாலும் பெரியவர்கள் மனம் சுருங்கும் என்பது அவருக்குத் தெரியும். மறைந்த தாத்தாக்களின் பெயரும் அன்று மண்டபத்தில் ஒலிக்கும். அப்பா, இதற்கே உங்களுக்கு ஒரு தனி வணக்கம். நித்யாவின் அம்மா சமையல்காரரிடம் முதலில் சொன்னது சரவணனின் பாட்டிக்குக் குழைந்த சாதமும் காரமில்லாத கூட்டும். நித்யா எங்கே இப்படி வளர்ந்தாள் என்று கேட்கவே வேண்டாம்.

எங்கள் பங்கு வேலை இது. வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறோம்; மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரத்தில் வாடிவிடும், அதனால் மாற்றுவதற்குச் சற்று முன்தான் தட்டில் அடுக்குவோம். மல்லிகை ஆளுக்கு ஒரு முழம் வீதம் 40 முழம், மொட்டாகக் கட்டி வாழை இலையில் மடித்து வரும். வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டோடு எங்களில் இருவர் நிற்போம். முதலில் வருவது எந்த வீட்டாராக இருந்தாலும் பன்னீர் தெளித்து வரவேற்போம்.

தட்டு மாற்றிய பிறகு எது எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று குழம்பும். அதனால் ஒவ்வொரு தட்டின் அடியிலும், கண்ணில் படாத இடத்தில், போகவேண்டிய ஊர்ப்பெயரைச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். தட்டுகளை எண்ணிச் சொல்லவோ, தனித்தனியாகப் படம் எடுக்கவோ மாட்டோம். சம்பந்திகள் நால்வரும் ஒரே தட்டைப் பிடித்திருக்கும் அந்த ஒரு கணத்தைத்தான் நெருங்கி நின்று எடுக்கப் போகிறோம். எந்தப் படமும் இரு வீட்டாரும் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியே போகும்.

பெரம்பூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: மாட வீதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். பெரியவர்களை மண்டப வாசலிலேயே இறக்கிவிடுங்கள். கைப்பிடித்து அழைத்துப் போக நாங்கள் இருக்கிறோம். பாட்டிக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி முன் வரிசையில் போட்டாயிற்று.

நித்யா, மோதிரப் பெட்டியை சனிக்கிழமையே உன் சித்தியிடம் கொடுத்துவிடு. அன்று மாலை 6 மணிக்குக் கோலம் போட வருகிறோம். அரிசி மாவும் காவியும் எங்கள் பையிலேயே இருக்கின்றன. வாசலை மட்டும் கழுவி வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் கல்லூரித் தோழிகள் ஐவர்