மூடிய கதவுகளுக்கு முன்னால்: கோதிக் கதைகளை வாசித்தல்
(ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களின் நூலக வாசிப்பு நேரத்துக்கான பாடம்)

1764-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' என்னும் நாவலிலிருந்தே, பழைய கோட்டைகளையும் மாளிகைகளையும் களமாகக் கொண்டு மர்மமும் அச்சமும் ஊட்டும் கோதிக் புனைகதை தொடங்குகிறது என்பது பொதுவான கருத்து. திருமண நாளன்று ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மணமகன் நசுங்கிச் சாகிறான். கதையின் தொடக்கமே அதுதான். பின்னால் வந்த எழுத்தாளர்கள் இவ்வளவு பெரிய பொருள்களை நம்பியிருக்கவில்லை. ஒரு வானிலை, ஒரு சிரிப்பொலி, ஒரு பூட்டிய கதவு ஆகியவற்றைக் கொண்டே வாசகரை நடுங்க வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பதை மூன்று சிறு பகுதிகளின் வழியே பார்ப்போம். பகுதிகள் ஆங்கில மூலத்திலிருந்து தமிழாக்கப்பட்டவை.

முதலாவது, இருண்ட சூழல். எட்கர் ஆலன் போ 1839-இல் வெளியிட்ட 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' இப்படித் தொடங்குகிறது:

"அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், மங்கி இருண்டு ஓசையற்றுக் கிடந்த ஒரு நாள் முழுவதும், மேகங்கள் வானில் மிகத் தாழ்ந்து அழுத்திக்கொண்டிருக்க, வெறிச்சோடிய நிலப்பரப்பின் ஊடே குதிரையில் தனியே பயணம் செய்த நான், மாலை நிழல்கள் படரும் நேரத்தில், ஒருவழியாகக் கண்ணெதிரே கண்டது சோகம் கவிந்த அஷர் மாளிகையை."

பேயோ பிணமோ இதில் இல்லை. ஆனாலும் ஒளி, ஓசை, துணை ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாக நம்மிடமிருந்து பறிக்கப்படுகின்றன. மேகம் வெறுமனே மிதக்கவில்லை, அழுத்துகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் வரை மாளிகை கண்ணில் படாததால், குதிரைமேல் வரும் அந்த மனிதரின் களைப்போடு நாமும் அங்கே போய்ச் சேருகிறோம். சற்றுப் பின்னால், கூரையிலிருந்து சுவர் வழியே கோணல்மாணலாக இறங்கி ஏரிநீரில் மறையும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு விரிசலைப் பற்றி அவர் போகிறபோக்கில் சொல்கிறார். அந்த விரிசலை மறந்துவிடாதீர்கள். கோதிக் கதையில் வீடு வெறும் பின்னணி அன்று. அதில் வாழ்பவர்களின் நோயும் முடிவும் அதன் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

அடுத்தது மர்மம். சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அயர்' (1847) நாவலில், தார்ன்ஃபீல்டு மாளிகைக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஜேன், மூன்றாம் தளத்தில் ஒரு குறுகிய நடைவழியில் நிற்கிறாள். இருபுறமும் சிறிய கரிய கதவுகள், எல்லாம் மூடியிருக்கின்றன.

"இத்தனை அமைதியான இடத்தில் நான் சற்றும் எதிர்பாராத ஓர் ஒலி, ஒரு சிரிப்பு, என் காதில் விழுந்தது. விசித்திரமான சிரிப்பு அது. தெளிவானது, விறைப்பானது, மகிழ்ச்சியற்றது."

மகிழ்ச்சியில்லாமல் ஒருவர் ஏன் சிரிக்க வேண்டும்? இந்த முரண்தான் மர்மத்தின் விதை. கிரேஸ் பூல் என்னும் பணிப்பெண்தான் சிரித்திருப்பாள் என்று ஜேனுக்கு உடனே ஒரு விளக்கம் கிடைக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வருபவளோ மிகச் சாதாரணமான தோற்றமுள்ள பெண். விளக்கம் கிடைத்த பிறகும் மனம் ஆறவில்லை. அரைகுறையான பதில், பதிலே சொல்லாததைவிட நம்மைக் கூடுதலாக அலைக்கழிக்கிறது என்பதை பிரான்டே நன்கு அறிந்திருந்தார். உண்மையை இங்கே சொல்லப்போவதில்லை. நாவலை நீங்களே வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது, அச்சம். ஆன் ராட்கிளிஃப் என்னும் கோதிக் நாவலாசிரியர், அவர் மறைந்தபின் 1826-இல் வெளியான ஒரு கட்டுரையில், அச்சத்தையும் கொடூரத்தையும் பிரித்துக் காட்டினார். அச்சம் மனத்தை விரித்துப் புலன்களை விழிக்கச் செய்யும். கொடூரம் அவற்றை உறைய வைக்கும். வரப்போவது என்னவென்று தெரியாமல் காத்திருக்கும்போது உண்டாவது முதல்வகை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897), கோமகன் டிராகுலாவின் கோட்டைக்கு விருந்தினராக வந்த ஜோனதன் ஹார்க்கர் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார்:

"கதவுகள், கதவுகள், எங்கும் கதவுகள், எல்லாம் பூட்டித் தாழிடப்பட்டிருக்கின்றன. … இக்கோட்டை உண்மையிலேயே ஒரு சிறை. நான் ஒரு கைதி!"

இதுவரை அவரை யாரும் காயப்படுத்தவில்லை. 'கதவுகள்' என்ற ஒரே சொல் மூன்று முறை வருவதில், ஓடி ஓடித் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கும் மனிதரின் மூச்சிரைப்பு கேட்கிறது. நாட்குறிப்பு வடிவமும் இங்கே பெரிய வேலை செய்கிறது: அவருக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும், நாளைய பக்கம் எழுதப்படுமா என்பதுகூட நமக்குத் தெரியாது.

பயிற்சி: மழை பெய்யும் மாலையில், நீங்கள் இதற்கு முன் நுழைந்திராத ஒரு வீட்டின் வாசலில் நிற்பதாக எட்டு வாக்கியங்கள் எழுதுங்கள். பேய், இரத்தம், அலறல் ஆகிய மூன்றும் வரக்கூடாது. 'பயமாக இருந்தது' என்றும் எழுதக்கூடாது. ஒளியையோ ஓசையையோ ஒவ்வொரு வாக்கியத்திலும் சிறிது குறைத்துக்கொண்டே செல்லுங்கள். பொருந்தாத ஒரே ஓர் ஒலியை மட்டும் ஏழாவது வாக்கியத்தில் சேருங்கள். எட்டாவது வாக்கியத்தில் அதற்கு விளக்கம் தராதீர்கள்.