தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி: பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் திருப்புதல் குறிப்பு

(கோத்தகிரி, குன்னூர் வட்டார மாணவர்களின் காலாண்டுத் தேர்வுக்காக. அட்டவணைகளில் உள்ள விலையும் அளவும் கணக்குக்காக வைத்தவை. சந்தை நிலவரம் அல்ல.)

இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: கோட்டின் மேல் நகர்வதையும் கோடே இடம் மாறுவதையும் குழப்புவதில். வரையறைகளை எல்லாரும் மனப்பாடமாகவே எழுதிவிடுகிறார்கள். ஆகவே அவற்றைச் சுருக்கி, நேரத்தை 2, 3, 4ஆம் பகுதிகளில் செலவிடுங்கள்.

1. முக்கியச் சொற்கள்

| சொல் | விடைத்தாளில் எழுத வேண்டியது |
|---|---|
| தேவை | விருப்பம், வாங்கும் சக்தி, செலவிட மனம் மூன்றும் சேர்ந்தது. விலையும் காலமும் குறிப்பிடாத தேவைக்குப் பொருளில்லை |
| தேவை விதி | மற்றவை மாறாதிருக்க, விலை ஏறினால் தேவை அளவு குறையும். இறங்கினால் கூடும் |
| அளிப்பு | குறிப்பிட்ட விலையில், குறிப்பிட்ட காலத்தில் விற்பனைக்குக் கொண்டுவரும் அளவு |
| இருப்பு | கையில் உள்ள மொத்தம். கிட்டங்கியில் உள்ள உருளைக்கிழங்கு இருப்பு. அதில் இன்று மண்டிக்கு ஏற்றுவது அளிப்பு |
| சமநிலை விலை | தேவை அளவும் அளிப்பு அளவும் ஒன்றாகும் விலை |
| பதிலீட்டுப் பண்டங்கள் | ஒன்றுக்குப் பதில் மற்றொன்று: தேநீர், காபி |
| நிரப்புப் பண்டங்கள் | இரண்டும் சேர்ந்தே பயன்படும்: கார், பெட்ரோல் |
| கிஃபன் பண்டம் | விலை ஏறும்போது ஏழைக் குடும்பங்கள் அதிகமாக வாங்கும் தாழ்நிலைப் பண்டம் |
| வெப்ளன் பண்டம் | விலை அதிகம் என்பதாலேயே பகட்டுக்காக வாங்கப்படுவது |

“மற்றவை மாறாதிருக்க” என்ற சொற்றொடரை விட்டுவிட்டால் தேவை விதி முழுமையாகாது. கடைசி இரண்டும் விதியின் விலக்குகள். விலை இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பையும் விலக்குகளில் சேர்த்து எழுதலாம்.

2. சமநிலை: ஒரே அட்டவணை, எல்லாக் கணக்கும்

கேரட், ஒரு நாள் சந்தை. அளவு மூட்டையில்.

| விலை (கிலோ, ரூ.) | தேவை | அளிப்பு | நிலை | சாலை அடைபட்டபின் அளிப்பு |
|---|---|---|---|---|
| 20 | 120 | 60 | பற்றாக்குறை 60 | 30 |
| 30 | 105 | 75 | பற்றாக்குறை 30 | 45 |
| 40 | 90 | 90 | சமநிலை | 60 |
| 50 | 75 | 105 | உபரி 30 | 75 |
| 60 | 60 | 120 | உபரி 60 | 90 |

விலை 20 என்றால் வாங்க வந்தவர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றுவார்கள். 60 என்றால் விற்கிறவர்கள் போட்டி போட்டு இறக்குவார்கள். இந்த இரண்டு வாக்கியமும் இல்லாமல் “40 சமநிலை” என்று மட்டும் எழுதினால் காரணத்துக்குரிய மதிப்பெண் கிடைக்காது.

இனி அட்டவணையின் கடைசிப் பத்தி. மலைப்பாதையில் மண் சரிந்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஒவ்வொரு விலையிலும் 30 மூட்டை குறைவாக இறங்குகிறது என்று வையுங்கள். அளிப்புக் கோடு முழுவதும் இடப்பக்கம் நகர்கிறது. புதிய சமநிலை 50 ரூபாய், 75 மூட்டை. தேவைக் கோடு அசையவே இல்லை. வாங்குகிறவர்கள் அதே கோட்டின் மேல் 90இலிருந்து 75க்கு ஏறி வந்திருக்கிறார்கள். “விலை ஏறியதால் தேவை குறைந்து தேவைக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது” என்று எழுதுவது ஒவ்வோர் ஆண்டும் வரும் பிழை. குறைந்தது தேவை அளவுதான்.

வரைபடத்தில் விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். கணிதப் பாடப் பழக்கத்தில் அச்சுகளை மாற்றிப் போடுபவர்கள் உண்டு. அச்சின் பெயர், DD, SS, பழைய சமநிலை E, புதியது E1 ஆகிய எல்லாமே படத்தில் இருக்க வேண்டும்.

3. நகர்வா, இடமாற்றமா?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதலில் மாறியது அந்தப் பண்டத்தின் விலையா, வேறொன்றா? அதன் சொந்த விலை என்றால் கோட்டின் மேல் நகர்வு. வேறு எதுவானாலும் இடமாற்றம்.

| நிகழ்வு | எந்தக் கோடு | விலை | அளவு |
|---|---|---|---|
| ஜனவரி உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுகிறது | பசுந்தேயிலை அளிப்பு, இடப்பக்கம் | ஏறும் | குறையும் |
| காபித் தூள் விலை ஏறுகிறது | தேயிலைத் தூள் தேவை, வலப்பக்கம் | ஏறும் | கூடும் |
| மே மாத சீசன், ஊட்டி விடுதி அறைகள் | தேவை, வலப்பக்கம் | மிக ஏறும் | சிறிதே கூடும் |
| உர விலை ஏறுகிறது | உருளைக்கிழங்கு அளிப்பு, இடப்பக்கம் | ஏறும் | குறையும் |
| கேரட் மலிந்ததால் கூடுதலாக வாங்குகிறார்கள் | எதுவும் இடம் மாறவில்லை. நகர்வு | – | – |
| முகூர்த்த மாதமும் கனமழையும் ஒன்றாக வருகின்றன | தேவை வலப்பக்கம், அளிப்பு இடப்பக்கம் | நிச்சயம் ஏறும் | சொல்ல முடியாது |

கடைசி வரிசையை இரண்டு முறை படியுங்கள். இரண்டு கோடுகளும் நகர்ந்தால் விலை, அளவு இரண்டில் ஒன்றின் திசை மட்டுமே உறுதி. மற்றது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. “சொல்ல முடியாது” என்பதே அங்கே முழு மதிப்பெண் விடை.

உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது. வரம்பினால் வருவோர் குறைந்தால் அது விடுதி அறைகளின் தேவையை இடப்பக்கம் நகர்த்தும். அறைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. தேர்வில் நடப்பு எடுத்துக்காட்டு கேட்டால் இதை எழுதலாம்.

4. தேவையின் விலை நெகிழ்ச்சி

```
Ed = (ΔQ / Q) ÷ (ΔP / P)
```

மேலே உள்ள அட்டவணையில் விலை 40இலிருந்து 50 ஆகிறது. விலை மாற்றம் 25%, அளவு மாற்றம் −16.67%. Ed = −0.67. குறியை விட்டு 0.67 என்பது வழக்கம்; ஆனால் கணக்கின் நடுவில் கழித்தல் குறியைத் தொலைக்காதீர்கள்.

இப்போது அதே இரண்டு புள்ளிகளைத் திருப்பிப் போடுங்கள். 50இலிருந்து 40: விலை −20%, அளவு +20%. விடை 1.00! கணக்கில் தவறில்லை. சதவீதத்தின் அடிப்படை மாறியதால் விடை மாறுகிறது. சராசரியை அடிப்படையாக வைத்தால் (45 ரூபாய், 82.5 மூட்டை) எந்தத் திசையில் போனாலும் 0.82தான். வினாவில் முறை சொல்லப்படாவிட்டால் தொடக்க விலையையும் தொடக்க அளவையும் அடிப்படையாக எடுங்கள்.

இதன் அடியில் உள்ள விஷயம்: நேர்கோட்டுத் தேவைக்கு ஒரே நெகிழ்ச்சி கிடையாது. நம் கோடு விலை அச்சை 100இல் தொடும். புள்ளி முறையில் கீழ்த்துண்டை மேல்துண்டால் வகுத்தால் 40 ரூபாயில் 40/60 = 0.67; 50இல் 50/50 = 1; 60இல் 60/40 = 1.5. சாய்வு எங்கும் ஒன்றே, நெகிழ்ச்சி இடத்துக்கு இடம் வேறு. சாய்வும் நெகிழ்ச்சியும் ஒன்று என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

| வகை | மதிப்பு | விலை ஏறினால் மொத்தச் செலவு |
|---|---|---|
| முற்றிலும் நெகிழ்ச்சியற்றது (செங்குத்துக் கோடு) | 0 | அதே வீதத்தில் ஏறும் |
| நெகிழ்ச்சி குறைந்தது | 1க்குக் கீழ் | ஏறும் |
| ஓரலகு | 1 | மாறாது |
| நெகிழ்ச்சி மிகுந்தது | 1க்கு மேல் | குறையும் |
| முற்றிலும் நெகிழ்ச்சியுள்ளது (கிடைக்கோடு) | முடிவிலி | வாங்குவோரே இல்லை |

செலவு முறையால் சரிபாருங்கள்: 40 × 90 = 3600; 50 × 75 = 3750. விலை கிலோவுக்கு, அளவு மூட்டையில்; ஆனால் மூட்டையின் எடை இரண்டிலும் ஒன்றே என்பதால் ஒப்பிடுவதற்கு அதைப் பெருக்கத் தேவையில்லை. விலை ஏறச் செலவும் ஏறியது, ஆகவே நெகிழ்ச்சி 1க்குக் கீழ். விளைச்சல் குறைந்த ஆண்டில் விவசாயிகளின் மொத்த வருமானம் கூடக்கூடும் என்ற வினாவுக்கும் இதுவே விடை. சரிவுக்கு அந்தப்பக்கம் லாரி சிக்கிக்கொண்டவருக்கு அந்த 3750இல் பங்கில்லை என்பது வேறு விஷயம். மொத்தத்தையும் தனிநபரையும் கலக்காதீர்கள்.

நெகிழ்ச்சியைத் தீர்மானிப்பவை சுருக்கமாக: பதிலீடு உண்டா, அவசியமா ஆடம்பரமா, வருமானத்தில் எத்தனை பங்கு, வாங்குவதைத் தள்ளிப்போட முடியுமா. தீப்பெட்டி, உப்பு குறைவு. சுற்றுலா அறை அதிகம்.

5. அளிப்பு நெகிழ்ச்சியும் காலமும்

காலத்தை வைத்து அளிப்பைப் பிரித்துக் காட்டியவர் ஆல்ஃபிரட் மார்ஷல். பாடநூலின் மீன் எடுத்துக்காட்டைவிட நம் மலைப் பயிர்களில் இது தெளிவாகத் தெரியும்.

| காலம் | பசுந்தேயிலை | கேரட் |
|---|---|---|
| அங்காடிக் காலம் | பறித்த இலை அன்றே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அளிப்பு ஏறக்குறைய செங்குத்து | கழுவிய கேரட் நாள் தாங்காது. மண்ணில் சில நாள் விட்டுவைக்கலாம், அதிகம் விட்டால் வெடிக்கும் |
| குறுகிய காலம் | உரம், ஆட்கள் கூட்டி விளைச்சலைச் சற்று உயர்த்தலாம் | சுமார் 100 நாளில் அடுத்த போகம் |
| நீண்ட காலம் | புதுச் செடி பலன் தர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும் | பரப்பளவே மாறும் |

செடி பல பத்தாண்டுகள் நிற்கும். ஆகவே இலை விலை விழுந்தாலும் தோட்டத்தை உடனே அழிப்பதில்லை. அளிப்பு அப்படியே இருக்க, முழு அடியும் விலையின் மேல் விழுகிறது. கேரட்டில் சிக்கல் வேறு: இந்த போகத்து விலையைப் பார்த்து எல்லாரும் விதைத்தால் 100 நாள் கழித்து ஒரே சமயத்தில் மண்டி நிறைகிறது.

தரை விலை பற்றி ஓர் எச்சரிக்கை. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலைக் குறைந்தபட்ச விலை, ஏலச் சராசரியை ஒட்டிக் கணக்கிடப்படுவது. பாடத்தில் வரும் தரை விலை சமநிலைக்கு மேலே வைத்தால் மட்டுமே பலிக்கும், உபரியையும் உண்டாக்கும். இரண்டையும் ஒன்றாக எழுத வேண்டாம்.

6. சுயசோதனை (20 நிமிடம், விடையை மூடிவைத்து)

1. பகுதி 2 அட்டவணையில், சாலை அடைபடாத நிலையில், அரசு 50 ரூபாயைத் தரை விலையாக வைத்தால் என்ன நடக்கும்?
2. தரை விலை 30 என்றால்?
3. சாலை அடைபட்ட நிலையில், விலை 40இலேயே நிற்க வேண்டும் என்று உச்சவரம்பு போட்டால் பற்றாக்குறை எவ்வளவு?
4. காபி விலை 10% ஏற, தேயிலைத் தேவை 4% கூடுகிறது. குறுக்கு நெகிழ்ச்சி எவ்வளவு? என்ன வகைப் பண்டங்கள்?
5. வருமானம் 20% கூட, ஒரு பண்டத்தின் தேவை 5% குறைகிறது. வருமான நெகிழ்ச்சி, பண்ட வகை?
6. “உறைபனியால் தேயிலை விலை ஏறியது, விலை ஏறியதால் அளிப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்தது.” பிழை எங்கே?
7. விலை 40இலிருந்து 50க்கு ஏறினால் அளிப்பு நெகிழ்ச்சி என்ன (சாலை அடைபடுமுன்)?
8. தேவையும் அளிப்பும் இரண்டும் வலப்பக்கம் நகர்ந்தால் எது உறுதி?

விடைகள்

1. அளிப்பு 105, தேவை 75. உபரி 30 மூட்டை. அரசு கொள்முதல் செய்யாவிட்டால் விலை நிற்காது.
2. பாதிப்பில்லை, சமநிலை அதற்கு மேலே 40இல் இருக்கிறது.
3. தேவை 90, அளிப்பு 60, பற்றாக்குறை 30.
4. +0.4, பதிலீட்டுப் பண்டங்கள்.
5. −0.25, தாழ்நிலைப் பண்டம். குறியை எழுதாவிட்டால் வகையைக் காட்ட முடியாது.
6. இரண்டாம் பாதியில். சொந்த விலை ஏறினால் அளிப்புக் கோட்டின் மேல் நகர்வுதான். கோடு முன்பே உறைபனியால் இடப்பக்கம் போய்விட்டது.
7. 16.67 ÷ 25 = 0.67, நெகிழ்ச்சி குறைந்தது.
8. அளவு கூடும். விலையின் திசை சொல்ல முடியாது.