2024–27 கோரிக்கை சாசனம்: பேரவைக்கு வர்ற வரைவு

தோழர்களே, கமிட்டி உக்காந்து போட்ட வரைவு இது. வக்கீல் தோழர் அப்புறம் சட்ட பாஷைக்கு மாத்துவார், அதுக்கு முன்னாடி லைன்ல நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் புரியணும்னு நாம பேசுற மாதிரியே எழுதியிருக்கேன். மேற்கோள்ல இருக்கிறதெல்லாம் ஒப்பந்தத்துல அப்படியே வரணும்னு நாம கேக்குற வரி.

பழைய ஒப்பந்தம் 31.3.2024-ல முடியுது. முடிஞ்சாலும் நோட்டீஸ் குடுக்கலேன்னா அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், தொழில் தகராறு சட்டம் 19(2) அப்படி, அதனால ஜனவரி 29-ம் தேதியே ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்து சீல் வாங்கியாச்சு.

1. சம்பள உயர்வு

நிரந்தரத் தொழிலாளி 286 பேருக்கும் 1.4.2024-லருந்து மூணு வருஷத்துக்கு மொத்தம் மாசம் 12,000 ரூபா உயர்வு. முதல் வருஷம் 6,000, அடுத்து 3,000, அதுக்கு அடுத்து 3,000. ஏன் சமமா நாலு நாலாயிரம் வேணாம்னு நிறைய பேர் கேட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, நாம கேக்குற மாதிரி வந்தா மூணு வருஷத்துல ஒரு ஆளு கைக்கு 3,24,000 வரும், சமமா பிரிச்சா 2,88,000 தான், அதே 12,000 தான் ரெண்டுமே, ஆனா 36,000 போயிடும். ஹெச்ஆர் வாய்மொழியா சொல்லிட்டிருக்கிறது 5,500, அதுவும் நாலு வருஷத்துக்கு. நாலு வருஷத்துக்கு கையெழுத்து கிடையாது.

2. அது எங்க உக்காருது

என்னைக் கேட்டா முதல் கோரிக்கையை விட இதுதான் முக்கியம். போன ஒப்பந்தத்துல 6,500 வாங்கினோம்னு பட்டாசு வெடிச்சோம், அதுல பேசிக்ல ஏறினது வெறும் 1,200. மிச்சமெல்லாம் வாஷிங் அலவன்ஸ், கல்வி அலவன்ஸ், ஸ்பெஷல் அலவன்ஸ்னு ஸ்லிப்ல சிதறிக் கிடக்குது. பேசிக் பிளஸ் டிஏ-ல 1,000 ரூபா ஏறினா, 18 வருஷம் சர்வீஸ் இருக்கிறவருக்கு கிராஜுவிட்டில மட்டும் 10,384 ரூபா கூடும், 15-ஐ 26-ஆல வகுத்து 18-ஆல பெருக்கிப் பாத்துக்கோங்க. அதே 1,000 வாஷிங் அலவன்ஸ்ல போனா கிராஜுவிட்டில ஒரு பைசா ஏறாது.

"மொத்த உயர்வில் குறைந்தது 60 சதவீதம் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் சேர்க்கப்படும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படும் அலவன்ஸுக்கும் பிஎஃப் பிடிக்கப்படும்." இந்த ரெண்டாவது வரிக்கு 2019 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பே நமக்கு பலம்.

பஞ்சப்படி சென்னை விலைவாசிக் குறியீட்டு எண்படி மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாறுது, அது சரி. ஆனா போன தடவை 600 ரூபாக்கு மேல ஏறாதுன்னு ஒரு மூடி போட்டு வச்சாங்க. அந்த மூடி எடுக்கணும்.

3. 21,000 தாண்டினா என்ன ஆகும்

2017-க்கு அப்புறம் கன்ஃபர்ம் ஆன 94 பேர் இப்ப 20,000-க்கு கீழ வாங்குறாங்க. உயர்வு வந்ததும் 21,000 தாண்டுவாங்க, அந்த காண்ட்ரிப்யூஷன் பீரியட் முடிஞ்சதும் இஎஸ்ஐ போயிடும். சீனியர்களுக்கு வேற சிக்கல், பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 21,000 தாண்டினா போனஸ் சட்டத்துலருந்து வெளிய போயிடுவாங்க, இதையே காட்டி "பேசிக்ல ஏத்தினா உங்களுக்குத்தான் நஷ்டம்"னு நிர்வாகம் கண்டிப்பா பேசும். அதனால முன்கூட்டியே:

"இஎஸ்ஐ வரம்பைத் தாண்டும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும், அப்பா அம்மா உட்பட, 4 லட்சம் ரூபாய்க்கு மருத்துவ இன்சூரன்ஸ், பிரீமியம் முழுக்க கம்பெனி கட்டும். போனஸ் சட்ட வரம்பைத் தாண்டுபவருக்கு, மற்றவர்களுக்கு வழங்கும் அதே தொகை கருணைத் தொகையாக வழங்கப்படும்."

4. உற்பத்தி

நிர்வாகம் கேக்குறது மெஷின் ஷாப்ல ஷிப்டுக்கு 420 கேலிப்பர்லருந்து 480. முடியாதுன்னு மட்டும் சொன்னா சோம்பேறின்னுதான் பேசுவாங்க, அதனால கணக்கோட போறோம். எட்டு மணி நேர ஷிப்டுல சாப்பாடு அரை மணி, டீ ரெண்டு தடவை பத்து பத்து நிமிஷம், மிச்சம் 430 நிமிஷம். மெஷினோட சைக்கிள் டைமே லோடிங் அன்லோடிங்கோட 55 செகண்ட். 480 பீஸுக்கு 440 நிமிஷம் வேணும். டூல் மாத்தாம, கேஜ் வச்சுப் பாக்காம, மூத்திரம் போகாம ஓட்டினாலும் பத்து நிமிஷம் பத்தல! 440 பீஸ்னா 403 நிமிஷம் ஆகும், 26 நிமிஷம் சொச்சம் கையில நிக்கும், அது நியாயம்.

"ஷிப்டுக்கு 440. சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து டைம் ஸ்டடி எடுத்த பிறகே இதில் மாற்றம். பிரேக்டவுன், கரண்ட் கட், மெட்டீரியல் இல்லாத நேரம், டூல் மாற்றும் நேரம் கழிக்கப்படும். எண்ணிக்கை குறைந்ததற்காக தனிநபர் சம்பளத்தில் பிடித்தம் இல்லை." கடைசி வரி இல்லாம இந்தப் பிரிவுல யாரும் கையெழுத்து போடக்கூடாது, கமிட்டியில ஒருமனதா முடிவு பண்ணது.

5. மத்தது

ஓவர்டைம் இப்ப பேசிக்குக்கு மட்டும் டபுள் போடுறாங்க. ஃபேக்டரி சட்டம் 59-ம் பிரிவு போனஸையும் ஓவர்டைமையும் விட்டுட்டு அலவன்ஸையும் சேர்த்துதான் டபுள் போடச் சொல்லுது, அது கோரிக்கையே இல்ல, பாக்கி. நைட் ஷிப்ட் அலவன்ஸ் 40-லருந்து 100. கேன்டீன் சாப்பாடு 5 ரூபாலயே நிக்கணும் (சாம்பாரைப் பத்தி தனியா ஒரு சாசனமே எழுதலாம், விடுங்க). மூணு வருஷம் தாண்டின டிரெய்னி 41 பேரை 1.4.2024-லருந்து நிரந்தரம் பண்ணணும். காண்ட்ராக்ட் தோழர்களுக்கும் அதே சேஃப்டி ஷூ, அதே கேன்டீன், அதே பஸ். போன வருஷம் கேட் கூட்டத்துக்காக நாலு பேருக்குக் குடுத்த சார்ஜ் ஷீட் வாபஸ்.

6. எங்க கையெழுத்து

2022 ரகசிய வாக்கெடுப்புல ஜெயிச்சு அங்கீகாரம் வாங்கின சங்கம் நாமதான், இருந்தாலும் நிர்வாகத்தோட ரூம்ல உக்காந்து தொழில் தகராறு சட்டம் 18(1)-ல போட்டா அது கையெழுத்து போட்டவங்களை மட்டும்தான் கட்டும். இன்னொரு சங்கத்துல இருக்கிற தோழர்களும், நாளைக்கு சேரப்போற பசங்களும் வெளிய நிப்பாங்க. நமக்கு வேண்டியது லேபர் ஆபீஸர் முன்னாடி 12(3) ஒப்பந்தம், அது 18(3)படி எல்லாரையும் கட்டும்.

"ஒப்பந்த காலத்தில் நிதிச்சுமை தரும் வேறு கோரிக்கை எழுப்பமாட்டோம்"னு ஒரு வரி அவங்க டைப் பண்ணியே கொண்டு வருவாங்க. ஏத்துக்கலாம், ஆனா பின்னாடி இதைச் சேர்த்தாதான்: "சட்டத்தால் வரும் உயர்வும், இப்போது நடைமுறையில் உள்ள சலுகைகளும் இதில் அடங்காது."

அரியர்ஸ் கையெழுத்தான 30 நாளுக்குள்ள ஒரே தவணையில. இடையில ரிட்டயர் ஆனவங்களுக்கும், இறந்துபோன தோழர்களோட குடும்பத்துக்கும் சேர்த்து.

பேரவை பிப்ரவரி 11 ஞாயிறு காலை 10 மணி. திருத்தம் இருந்தா வியாழக்கிழமைக்குள்ள உங்க ஷாப் கமிட்டி மெம்பர்கிட்ட எழுதியே குடுங்க, டீக்கடையில சொன்னேன்னு சொன்னா மினிட்ஸ்ல ஏறாது. பேரவை ஓகே சொன்னா திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட்லயே நிர்வாகத்துக்கு ஒரு காப்பி, லேபர் ஆபீஸுக்கு ஒரு காப்பி.

பொதுச்செயலாளர்