பொருள்: செவ்வாய், வியாழன் வீட்டிலிருந்து வேலை – எட்டு வாரச் சோதனைக்கு அனுமதி வேண்டி

26 ஜனவரி 2026

வணக்கம் மாலதி மேடம்,

மார்ச் மாதத்திலிருந்து செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வீட்டிலிருந்து வேலை பார்க்க உங்கள் அனுமதி வேண்டும். முதலில் மார்ச் 3 முதல் ஏப்ரல் 23 வரை, எட்டு வாரம் சோதனையாகச் செய்து பார்க்கலாமா?

அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். அவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடப்பது உங்களுக்குத் தெரியும். இதுவரை மாலை நேரம் என்பதால் தம்பி அழைத்துப் போய் வந்தான். மார்ச்சிலிருந்து காலை 7 மணிக்கு மாற்றியிருக்கிறார்கள், அவனுக்கு அப்போது வேலை. நிலையம் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவை விட்டுவிட்டு வந்து 9 மணிக்கு வேலையைத் தொடங்கிவிடுவேன். 11.30 மணிக்கு அவரை அழைத்து வருவதை என் சாப்பாட்டு நேரத்தில் முடித்துக்கொள்வேன். உபி அலுவலகத்திலிருந்து நடுப்பகலில் அங்கே போய்த் திரும்புவது நடக்காத காரியம். வீட்டுக்கு வந்ததும் அம்மா களைத்துத் தூங்கிவிடுவார், பக்கத்து வீட்டு அத்தையும் கூட இருப்பார். சனிக்கிழமை நமக்கு விடுமுறை, அதனால் சிக்கல் இல்லை.

இனி வேலை. சப்ளையர் இன்வாய்ஸ் சரிபார்ப்பு, வாடிக்கையாளர் நிலுவைப் பட்டியல், சென்னைக்குப் போகும் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அலுவலக லேப்டாப்பிலேயே செய்யலாம். கவுண்டருக்கு வரும் காகித டெலிவரி ரசீதுகள்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தன. தேவியிடம் பேசினேன். அந்த இரண்டு நாளும் அவர் காலை 10 மணிக்குள் ஸ்கேன் செய்து அனுப்பச் சம்மதித்தார். பதிலுக்கு அவருடைய திங்கள்கிழமை ஃபைலிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். வங்கி டோக்கன் அலுவலகத்தை விட்டு வெளியே வராது, பணம் அனுப்பும் வேலைகளைப் புதன், வெள்ளியில் வைத்துக்கொள்வேன்.

மார்ச் 31 செவ்வாய்க்கிழமையாக வருகிறது. மாதக் கணக்கும் காலாண்டுக் கணக்கும் முடியும் நாள் என்பதால் அன்று அலுவலகத்துக்கே வருவேன், தம்பி விடுப்பு எடுக்கிறான். ஏப்ரல் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டிக்கு முன்பே சோதனையும் முடிந்துவிடும்.

அன்று வந்த இன்வாய்ஸ் அன்றே முடிகிறதா, அழைத்தால் உடனே கிடைக்கிறேனா, தேவிக்குச் சுமை கூடுகிறதா என்று வெள்ளிதோறும் உங்களோடு 15 நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். சரிப்படவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், நடுவிலேயே நிறுத்திவிடலாம். எனக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், வேறு ஏற்பாடு செய்துகொள்வேன்.

2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டிப்படி இதை முறையான விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துவழிப் பதிலுக்கு அது இரண்டு மாத அவகாசம் தருகிறது. ஆனாலும் பிப்ரவரி 13-க்குள் தெரிந்தால் டயாலிசிஸ் நிலையத்துக்கு நான் உறுதி சொல்ல வசதியாக இருக்கும். இந்தப் புதன்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா மேடம்? நேரில் பேசிவிடலாம்.

அன்புடன்,
கலைவாணி
கணக்குப் பிரிவு